மே மாசத்தில் மீன் லோடு ஏது தம்பி?

நம்மூர்த் தம்பி ஒருவன் சிறுகதை எழுதி அனுப்பியிருந்தான். பாம்பன் பக்கம் ஒரு லாரி டிரைவர், அவர் மகள் பி.காம் முடித்தவள், சென்னையில் ஒரு ஆபீஸில் வேலை கிடைக்கிறது, போவதா வேண்டாமா என்பதுதான் கதை. கடைசியில் பஸ் ஸ்டாண்டில் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு "போயிட்டு வா தாயி" என்கிறார். நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்தக் கண்ணீரை எந்த ஊர் அப்பாவுக்கும் கொடுக்கலாமே, இதற்கு எதற்கு பாம்பன்?

முதல் தப்பு, கதை மே மாதத்தில் நடக்கிறது, அப்பா தினமும் கேரளாவுக்கு மீன் லோடு அடிக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் தடைக்காலம், விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், அது லாரிக்குக் காணாது. டிரைவருக்கோ நடைக்கு நடைதான் பேட்டா, வண்டி நின்றால் அதுவும் நின்றது. கரி மூட்டை, உப்பு என்று ஏதாவது லோடு மாட்டினால் உண்டு.

இதைத் தப்பு என்று சொன்னேனே, உண்மையில் கதையே இங்கேதான் இருக்கிறது. வேலைக்கான கடிதம் மே மாதம் வரட்டும், அப்படியே விட்டுவிடு. அடுத்த காட்சியில் அந்தக் கடிதத்தை அப்பாவும் மகளும் சேர்ந்து படிக்கட்டும்.

வருடத்துக்கு 2,40,000 என்று போட்டிருக்கிறது. அப்பா மாசம் 20,000 என்று வகுத்துவிட்டார், அக்கம்பக்கத்திலும் சொல்லியாச்சு. மகள் பி.காம் ஆச்சே, இரண்டாம் பக்கத்தைத் திருப்புகிறாள். அடிப்படைச் சம்பளம் 10,000. பி.எஃப்-க்கு அவள் பங்கு 1,200 பிடிப்பார்கள், சரி. கம்பெனி போடவேண்டிய 1,200-ம் இந்த 20,000-க்குள்ளேயே அடக்கம். ஈ.எஸ்.ஐ-யில் இருவர் பங்கும், பணிக்கொடை என்று மாசாமாசம் எழுதிவைக்கும் தொகையும் அப்படியே. எல்லாம் போக கையில் சுமார் 16,300.

"ஏத்தா, மிச்சம் எங்க போச்சு?" என்று அப்பா கேட்பார் பாருங்கள், அந்த ஒரு வரிக்குப் பஸ் ஸ்டாண்ட் காட்சி முழுவதையும் கொடுத்துவிடலாம்.

சாப்பாட்டோடு லேடீஸ் ஹாஸ்டலுக்கு 7,000 வைத்துக்கொள்வோம். சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது ஒரு ஆறுதல். போன், மருந்து, துணி, ஊருக்கு வந்துபோக ரயில் என்று கழித்தால் மிஞ்சுவது 6,000. இப்போது அவள் இங்கே ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதி வாங்கும் 9,000-த்தில் வீட்டுச் சாப்பாடு, வாடகை கிடையாது. ஆக முதல் வருடம் சென்னைக்குப் போனால் நஷ்டம் போலத்தான் தெரியும். ஆனால் இங்கே பி.எஃப் கிடையாது, அங்கே இருவர் பங்கும் சேர்ந்து மாசம் 2,400 அவள் பேரில் ஏறும். ரெண்டு வருஷம் கழித்து வேறு கம்பெனிக்கு மாறலாம், ஐஸ் கம்பெனியில் அந்த 9,000 பத்தாயிரம் ஆவதற்கே முதலாளியிடம் நின்றுகொண்டு பேசவேண்டும். நான் அவள் போகணும் என்ற கட்சிதான்.

ஆனால் சிக்கல் மாசச் சம்பளத்தில் இல்லை, முதல் மாசத்தில் இருக்கிறது. சம்பளம் மாசக் கடைசியில்தான் வரும். ஹாஸ்டலோ சேரும் அன்றே ஒரு மாச அட்வான்ஸும் வாடகையும் கேட்கும், அதுவே 14,000. டிக்கெட், நாலு செட் துணி, கைச்செலவு சேர்த்தால் 20,000-க்குப் பக்கம் வரும். தடைக்காலத்தில் அந்தப் பணத்துக்கு அப்பா லாரி முதலாளியிடம்தான் போய் நிற்கவேண்டும். முதலாளி கொடுப்பார். கொடுத்துவிட்டால் அது கழியும்வரை அப்பா வேறு வண்டிக்கு மாறமுடியாது, பேட்டா கூட்டிக் கேட்கமுடியாது, உடம்புக்கு முடியலை என்று ஒரு நடை தள்ளிப்போடவும் வாய் வராது. மகள் யோசிக்கவேண்டியது இதைத்தான். தம்பி கதையில் அவள் மொட்டைமாடியில் நின்று கடலைப் பார்த்து யோசிக்கிறாள். (கடல்கரைப் பிள்ளைகள் யாரும் அப்படிக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை, அது வேறு விஷயம்.)

என்னைக் கேட்டால் அவள் ஒரு போன் செய்யவேண்டும். ஹெச்.ஆர்-இடம் "மேடம், ஜூலை ஒண்ணாம் தேதி சேர்ந்துக்கலாமா?" என்று கேட்கவேண்டும். ஜூன் 14 தாண்டினால் விசைப்படகு கிளம்பிவிடும், லோடு வரும், அப்பாவுக்கு நாலு நடை கிடைத்தால் முதலாளியிடம் வாங்கும் கடன் பாதியாகிவிடும். அந்தப் பக்கம் "அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதும்மா" என்று வேறு ஆளை எடுத்துக்கொள்ளலாம், அதுவும் நடக்கும். கேட்டால் வேலை போகலாம், கேட்காவிட்டால் அப்பா மாட்டிக்கொள்வார். அவள் முடிவெடுக்கவேண்டிய இடம் இதுதான்.

இதையெல்லாம் ஆடியோவாக அனுப்பினேன். "அண்ணே, நீங்க சொல்றபடி எழுதினா கதை கணக்கு நோட்டா ஆயிடும்" என்று பதில் வந்தது. ஆகட்டும் தம்பி, நீ முதலில் அந்த மே மாசத்து மீன் லோடை இறக்கு, மீதியை அப்புறம் பேசுவோம்.