குரங்கம்மையும் லிஃப்ட் வாசலில் ஒட்டிய அறிவிப்பும்

நம் குடியிருப்பில் ஒருவருக்குக் குரங்கம்மை என்று சொல்லி, கொப்புளம் கண்ட அவர் கையின் படம் முந்தாநாள் இரவு வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. மறுநாள் காலை, அவர் மகளைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்றெல்லாம் பலர் கையெழுத்திட்ட அறிவிப்பு லிஃப்ட் வாசலில் ஒட்டப்பட்டது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த அவருக்குக் காய்ச்சலும் கொப்புளமும் கண்டிருக்கின்றன. அவர் தாமாகவே அரசு மருத்துவமனைக்குப் போய், கொப்புளத்தில் மாதிரி எடுக்கக் கொடுத்துவிட்டு, மருத்துவர் சொன்னபடி தனி அறையில் இருக்கிறார். செய்ய வேண்டியதைச் செய்த மனிதருக்கு நாம் கொடுத்த பரிசு, அவர் கையின் படத்தை ஊர் முழுக்க அனுப்பியதுதான்.

தொற்றுநோய்ப் பிரிவில் செவிலியராக வேலை செய்கிறவள் என்பதால் சொல்கிறேன்: குரங்கம்மை பெரும்பாலும் தொடுதலால் பரவுகிறது. கொப்புளத்தின் மீது தோல் படுவது, உடலுறவு, நோயாளி பயன்படுத்திய துண்டையும் விரிப்பையும் கையாளுவது, மிக நெருக்கத்தில் முகத்துக்கு முகம் வெகுநேரம் இருப்பது ஆகியவையே அதன் வழிகள். மூடிய கதவைக் கடந்து படிக்கட்டில் ஏறி மூன்றாம் மாடிக்கு அது வருவதில்லை. சின்னம்மைதான் காற்றில் எளிதாகப் பரவக்கூடியது. அது நம் குடியிருப்பில் எத்தனையோ வீடுகளுக்கு வந்து போயிருக்கிறது, அப்போதெல்லாம் யாரும் அறிவிப்பு ஒட்டவில்லை.

இரண்டையும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம் என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். சில அடையாளங்கள் உண்டு என்பது உண்மைதான். குரங்கம்மையில் கழுத்திலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டும், உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம் வரும், ஒரே இடத்தில் உள்ளவை பெரும்பாலும் ஒரே பருவத்தில் இருக்கும். சின்னம்மையில் புதிய கொப்புளமும் காய்ந்த கொப்புளமும் அருகருகே இருக்கும். ஆனால் 2022-க்குப் பிறகு பிறப்புறுப்பில் மட்டும் இரண்டொரு கொப்புளத்தோடு வந்தவர்களும் உண்டு என்பதால், பி.சி.ஆர். பரிசோதனை இல்லாமல் யாரும் உறுதி சொல்ல முடியாது. படத்தைப் பார்த்துச் சொல்வது பற்றிப் பேசவே வேண்டாம்.

நம் வீடுகளுக்கு உண்மையில் தெரிய வேண்டிய விஷயம் வேறு. அம்மை போட்டவர்களுக்கு மூன்று தண்ணீர் ஊற்றியதும் எல்லாம் முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். சின்னம்மையில் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குக் கட்டிவிட்டால் தொற்றும் ஓய்ந்துவிடுவதால் அந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவருகிறது. குரங்கம்மையில் பொருக்கிலேயே வைரஸ் இருக்கிறது. எல்லாப் பொருக்கும் உதிர்ந்து, அடியில் புதுத்தோல் மூடும் வரை நோயாளி தனியாகத்தான் இருக்க வேண்டும், அதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். காய்ச்சல் நின்று முகம் தெளிந்துவிட்டதே என்று நடுவில் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இதை அந்த அறிவிப்பில் ஒருவரும் எழுதவில்லை.

துணியைப் பற்றியும் எழுதவில்லை. படுக்கை விரிப்பை உதறக் கூடாது. உதிர்ந்த பொருக்கு உள்ளே இருக்கும்படி மெதுவாகச் சுருட்டி, நேராக வாளியில் போட்டு, வெந்நீரும் சோப்புத்தூளும் கொண்டு துவைக்க வேண்டும். அறையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துண்டு, சவர பிளேடு, தட்டு எல்லாம் தனி. பணிவிடை செய்பவர் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அரிப்புக்கு வேப்பிலையால் வருடிக்கொடுப்பது நம் வழக்கம். வருடிய இலையைப் பிறகு யார் கையில் எடுக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். நோயாளி கொப்புளத்தைச் சொறிந்த விரலால் கண்ணைத் தொடக் கூடாது, ஏனென்றால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு வரலாம். கண்வலி, மூச்சுத்திணறல், மயக்கம், வலிப்பு என எது தென்பட்டாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

“உங்களுக்கென்ன, எங்கள் வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள்” என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். சிறு குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் இது கடுமையாகலாம். அதனால்தான் தனி அறையோ பணிவிடை செய்ய ஆளோ இல்லாத வீட்டில் நோயாளியை வைத்துக்கொள்ளாமல் மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறோம். ஆனால் இந்தப் பயம் அதே வீட்டுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பொருந்துமே தவிர, இரண்டு மாடி தள்ளி இருக்கும் குழந்தைக்குப் பொருந்தாது.

“இது தப்பான வழியில் போகிறவர்களுக்கு வருகிற நோய்” என்று எழுதியவருக்கு நான் நீளமாகப் பதில் சொல்லப் போவதில்லை. 2022-இல் உலகெங்கும் பரவியபோது ஆண்களோடு உறவு கொண்ட ஆண்களிடையே அது அதிகம் இருந்தது. கிழக்குக் காங்கோவில் பரவிய வகையோ வீடுகளுக்குள் புகுந்து குழந்தைகளைத் தாக்கியது. வைரஸுக்கு நெருக்கம் மட்டும் போதும். அந்த மனிதரின் மனைவி அதே குழுவில் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாதா?

கொரோனா காலத்தில் பணி முடிந்து வந்த என்னை லிஃப்டில் ஏற வேண்டாம் என்று சொன்னார்கள். என் மகளோடு விளையாடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். சொன்னவர்கள் அடுத்த அலையில் ஆக்சிஜன் படுக்கைக்கு என்னைத்தான் அழைத்தார்கள், நானும் ஓடினேன். அதை யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. இப்போது அதே ஆட்கள் இன்னொரு குடும்பத்துக்கு அதையே செய்யும்போது என்னால் வாய் மூடி இருக்க முடியவில்லை.

திருச்சூரில் 2022 ஜூலையில் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து திரும்பிய 22 வயது இளைஞர் இறந்துபோனார். அங்கே செய்த பரிசோதனையில் அவருக்குக் குரங்கம்மை உறுதியாகியிருந்த செய்தி, இங்கே அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனைக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. அந்தக் குடும்பத்தின் மனத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் கையின் படம் ஊர் சுற்றும் என்று தெரிந்தால், அடுத்த முறை நம் தெருவில் கொப்புளம் கண்டவர் மருத்துவமனைக்குப் போவாரா, போர்வையைப் போர்த்திக்கொண்டு படுப்பாரா?

நம் குடியிருப்பில் உள்ள குடும்பத்தின் மகளைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்றும் அறிவிப்பு சொல்கிறது. தொடர்பில் இருந்தவர்களை 21 நாள் கண்காணிக்க வேண்டும், அதாவது தினமும் காய்ச்சல் பார்த்து, உடம்பில் கொப்புளம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும், அந்த நாட்களில் இரத்த தானம் செய்யக் கூடாது. அறிகுறி இல்லாதவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போகலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்கு மட்டும் விலக்கிவைக்க இடம் உண்டு. அவர்கள் மகள் எட்டாம் வகுப்பு.

கடைசியாக, குடியிருப்பில் எல்லாருக்கும் தடுப்பூசி போட வேண்டும் என்ற கோரிக்கை. மருந்துக்கடையில் கிடைப்பது சின்னம்மைத் தடுப்பூசி. அந்த வைரஸ் வேறு குடும்பம் என்பதால் இதற்கு உதவாது. குரங்கம்மைக்குப் பல நாடுகள் பயன்படுத்துவது எம்.வி.ஏ.-பி.என். என்ற தடுப்பூசி. அதை 28 நாள் இடைவெளியில் இரண்டு முறை போடுகிறார்கள். பெரியம்மை ஒழிந்ததாக 1980-இல் அறிவிக்கப்படுவதற்கு முன் அம்மைக் குத்திக்கொண்ட பெரியவர்களுக்கு இதிலும் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஊருக்கே போடும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை. நோயாளியோடு நெருங்கியிருந்தவர்களுக்கும், நோயாளிகளைத் தொட்டுக் கவனிப்பவர்களுக்கும், தொற்ற வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கும்தான் அது பொருந்தும். தொற்றுக்கு ஆளாகியிருக்கக்கூடிய ஒருவருக்கு 4 நாட்களுக்குள் போட்டால் நோயையே தடுக்க வாய்ப்பிருக்கிறது. அறிகுறி வராதவருக்கு 14 நாள் வரைகூடப் போடலாம்.

ஆகவே இந்தக் குடியிருப்பில் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டிய தேவை மூன்று பேருக்கு மட்டுமே இருக்கிறது: தனி அறையில் இருக்கும் அந்த மனிதரின் மனைவி, மகள், கொப்புளம் என்று தெரிவதற்கு முன் அவர் துணிகளைத் துவைத்துப் போட்ட அவருடைய தாயார். அறிவிப்பில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர்கூட அந்த மூவரிடமும் போய் எதுவும் விசாரிக்கவில்லை.