ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு பெரியப்பா

என் வகுப்புப் பிள்ளைகளின் மொழிபெயர்ப்புக்கு நான் போட்ட மார்க்கைக் கிண்டலடிக்கிற அந்த ஸ்கிரீன்ஷாட்டை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காத புண்ணியவான்கள் பார்க்காமலே இருங்கள். "அருமையா மொழிபெயர்த்தவனுக்கு 7, சுமாரா பண்ணவனுக்கு 8. டைரி எழுதினா மார்க்காம். வாழ்க கல்வி!" என்று மேலே ஒரு வரி, கீழே சிரிக்கிற பொம்மை நாலு. என் பெயர் இல்லை. என் கையெழுத்து இருக்கிறதே, அது போதாதா?

சரி. 7 நான் போட்டதுதான். 8 நான் போட்டதுதான். இன்றைக்குத் திருத்தக் கொடுத்தாலும் அதையேதான் போடுவேன்.

மொழிபெயர்ப்புத் தாளில் இன்டர்னல் 25. அதில் அசைன்மென்ட்டுக்கு 10. அந்தப் பத்தில் மொழிபெயர்ப்புக்கு 6, கூடவே வைக்கிற கவர் நோட்டுக்கு 4. கவர் நோட் என்றால் முன்னுரை இல்லை, நன்றியுரை இல்லை, டைரியும் இல்லை. முதல் வரைவை அடித்தல் திருத்தலோடு அப்படியே இணைக்க வேண்டும். அதில் நீ மாற்றிய மூன்று இடத்தைக் காட்டு: முதலில் என்ன எழுதினாய், என்னவாக மாற்றினாய், ஏன். கடைசியாக, இன்னும் உனக்குத் திருப்தி வராத ஒரு இடம். ஆக நாலு இடம், நாலு மார்க். முந்நூறு வார்த்தை தாண்டக் கூடாது. ஜூன் மாதமே போர்டில் எழுதிப் போட்ட விதி இது. நேற்று ராத்திரி யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை.

அந்த 8 எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஸ்கிரீன்ஷாட்டில் அது இல்லை பாருங்கள்.

கொடுத்த பகுதி ஒன்றரைப் பக்க ஆங்கிலக் கதை. ஒரு பையன், அவனைப் பார்க்க வருகிற "அங்கிள்". ஆங்கிலத்துக்கு என்ன, அங்கிள் என்று சொல்லிவிட்டுப் போய்விடும். தமிழில் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வோம். மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா? 8 வாங்கிய பையன் முதல் வரைவில் "மாமா" என்று எழுதியிருந்தான். காரணமும் எழுதியிருந்தான்: "எங்க வீட்டுக்குத் தின்பண்டம் வாங்கிட்டு வர்றது மாமாதான்." நாலாவது பத்தியில் தபால்காரர் அந்த ஆளை "மிஸ்டர் கார்ட்டர்" என்று கூப்பிடுகிறார். பையனும் கார்ட்டர்தான். குடும்பப் பெயர் ஒன்று என்றால் அப்பா வழி. மாமாவை அடித்துவிட்டு மேலே "சித்தப்பா" என்று எழுதியிருக்கிறான். கடைசிப் பத்தியில் அந்த ஆள், "உங்க அப்பனைத் தோள்ல தூக்கிட்டுப் போவேன்" என்கிறார். அப்போ மூத்தவர். சித்தப்பாவையும் அடித்துவிட்டு "பெரியப்பா". ஒரே சொல்லுக்கு மேல் இரண்டு அடித்தல், இரண்டு அம்புக்குறி. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது இடம், மரியாதை. மாமாவிடம் "வா, உக்காரு" என்று பேசிய பையன், பெரியப்பா என்றதும் "வாங்க" என்றாக வேண்டும். எல்லா வினைமுற்றையும் தேடித் தேடி மாற்றியிருக்கிறான். ஒரு இடத்தில் விட்டுப்போய் "வந்தான்" என்று நிற்கிறது. வேறு இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதற்குத்தான் ஆறில் நாலு.

திருப்தி வராத இடம் என்று அவன் காட்டியது "கசின்". பெரியப்பா மகள் என்றால் அக்காவா தங்கச்சியா? கதையில் அவள் வயது இல்லை. அதனால் "பெரியப்பா பொண்ணு" என்றே விட்டிருக்கிறான். பக்கத்தில் பென்சிலில் ஒரு வரி: "மாமான்னே விட்டிருந்தா இவ முறைப்பொண்ணு ஆயிருப்பா மேம், கதையே வேற பக்கம் போயிருக்கும்." இதற்கு நாலுக்கு நாலு போடாமல் என்ன போடச் சொல்கிறீர்கள்?

இப்போது 7. மொழிபெயர்ப்பு பிரமாதம். பெரியப்பா சரி, மரியாதை சரி, ஓட்டம் சரி. ஆறுக்கு ஆறு. கவர் நோட் என்ன சொல்கிறது? "இப்பணி எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது. அகராதியின் துணையோடு பல புதிய சொற்களைக் கற்றுக்கொண்டேன். என் தவறுகளை உணர்ந்து திருத்திக்கொண்டேன்." எந்தத் தவறு ஐயா? ஒரு நீள வாக்கியத்தை இரண்டாக உடைத்ததாக ஒரு இடம் காட்டியிருந்தான். அதற்கு 1. மற்ற வரிகளை அப்படியே எடுத்து கெமிஸ்ட்ரி அசைன்மென்ட்டின் முன்னால் வைத்தாலும் பொருந்தும். என் அளவுகோல் அவ்வளவுதான்: கட்டுரையைப் பிரித்து எடுத்த பிறகும் நோட் தனியாக நிற்கிறது என்றால், அது அந்தக் கட்டுரைக்கு எழுதின நோட் இல்லை.

"அவன் காப்பி அடிச்சான்னு சொல்ல வர்றீங்களா?" என்று ஒரு கமென்ட். இல்லை. இல்லவே இல்லை. திருடனைப் பிடிக்க வைத்த பொறி இல்லை இது. பெரியப்பா என்று சரியாக எழுதியவன் யோசித்து எழுதினானா, வாய்க்கு வந்ததை எழுதி அது சரியாக விழுந்ததா என்று தாளைப் பார்த்தால் தெரியாது. அடுத்த கதையில் அங்கிள் அம்மா வழியில் வருவார். அப்போது என்ன செய்வான் என்பதுதான் என் கவலை.

"நாங்கள்லாம் படிச்சப்ப இதெல்லாம் இருந்துச்சா?" என்று இன்னொருவர். இருந்துச்சு சார். ரெக்கார்ட் நோட்டு என்று பெயர். பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் பியூரெட்டில் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிர் ரோஜா நிறம் வந்து நின்றதும் நிறுத்த வேண்டும். எனக்குக் கை நிற்காது, கத்திரிப்பூ நிறத்துக்கே போய்விடும். மூன்று தடவை செய்து 18.4, 19.1, 18.9 என்று வந்தது. ஒத்த ரீடிங் இரண்டு வேண்டுமே. பக்கத்து பெஞ்சைப் பார்த்து 18.6, 18.6 என்று எழுதினேன். கையெழுத்து கிடைத்தது. உள்ளதை உள்ளபடி எழுதிய என் தோழியை மறுபடி செய்யச் சொல்லி நிற்கவைத்தார்கள். ஏன் கூடிப்போச்சு, கை எங்கே தப்பிச்சு என்று அவளையும் யாரும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. தப்பு இருந்த ரஃப் தாள் குப்பைக்கு, பொய் இருந்த ரெக்கார்டு பிரவுன் அட்டை போட்டு அலமாரிக்கு. ரெக்கார்டுக்குத் தனி மார்க் வேறு. நான் முழுசாக வாங்கினேன்.

அதனால் கவர் நோட்டும் ரெக்கார்டு மாதிரி ஆகிவிடும் என்று பயம் காட்டுகிறவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. ஆகும். ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த விதிக்கு முன்னால் வாரம் ஒரு பக்கம் என்று நாட்குறிப்புதான் கேட்டேன். ஐந்து தேதி, ஒரே பேனா, ஒரே அழுத்தம், நடுவில் ஒரு எழுத்துக்கூட வழுக்கவில்லை. ஒரு பிள்ளையின் டைரி 11ஆம் தேதி தொடங்கியது, நான் கதையைக் கொடுத்ததே 14ஆம் தேதி. இன்னொன்றில் முதல் வரைவின் அடித்தல்கள் ஸ்கேல் வைத்து அடித்திருந்தன! சிரிப்பதா அழுவதா? அப்புறம்தான் நாட்குறிப்பை விட்டுவிட்டு, இடத்தைக் காட்டு என்பதற்கு மட்டும் மார்க் என்று மாற்றினேன்.

இது என் வீட்டுச் சமையலும் இல்லை. ஐபி என்கிற சர்வதேசப் பள்ளிப் படிப்பின் டிப்ளமாவில் நீள் கட்டுரை என்று ஒன்று உண்டு. 2018 தேர்விலிருந்து 2026 தேர்வு வரை அதன் 34 மார்க்கில் 6, மாணவர் எழுதுகிற சிந்தனைக் குறிப்புக்கு இருந்தது. மூன்று கட்டமாக, மொத்தம் 500 வார்த்தைக்குள். அந்தப் படிவம் வரவில்லை என்றால் அந்த ஆறும் பூஜ்யமாக இருந்தது. வெளிநாட்டுக்காரன் செய்தால் தரம், இங்கே ஒருத்தி செய்தால் கிறுக்கு.

அங்கேயும் எல்லாம் எனக்குப் பிடிக்காது, சொல்லிவிடுகிறேன். செய்ததைத் திரும்பிப் பார்த்து எழுதுவதற்குக் கிரஹாம் கிப்ஸ் 1988இல் வரைந்த ஒரு வட்டம் இருக்கிறது, நர்சிங் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். ஆறு படி. இரண்டாவது படியே "என்ன உணர்ந்தாய்". அவர் நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பார். ஆனால் உணர்ச்சிக்கு மார்க் என்று சொன்ன நிமிஷத்தில் நம் பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். முதலில் தோற்றேன், துவண்டேன், பிறகு எழுந்தேன். எல்லா நோட்டும் ஒரே சினிமா. எனக்கு யாரும் திருந்த வேண்டாம். மாமா எப்படிப் பெரியப்பா ஆனார், அதைச் சொன்னால் போதும்.

வேலைப்பளு பற்றியும் கேட்டிருந்தார்கள். 62 பேர். ஆளுக்கு எட்டு நிமிஷம் வைத்தால் எட்டு மணி நேரத்துக்கு மேல். என் ஞாயிற்றுக்கிழமை. உங்களுடையது இல்லை. அடுத்த கேள்வி.

அடுத்த கேள்விதான் கஷ்டம். "சிலருக்குச் செய்ய வரும், சொல்ல வராது. அவங்களை ஏன் தண்டிக்கிறீங்க?" இதைக் கேட்டவர் கிண்டலாகத்தான் கேட்டார். ஆனாலும் இரண்டு நாளாக உறுத்துகிறது. என் பாட்டியிடம் பணியாரத்துக்கு மாவுப் பதம் கேட்டால் "கைக்குத் தெரியும்" என்பாள். பாட்டிக்கு நாலுக்கு ஒன்றுதான் போடுவேனா? பாட்டி என்னிடம் பட்டம் வாங்க வரவில்லை என்று பதில் தட்டச்சு செய்துவிட்டு அழித்துவிட்டேன். அது பதில் இல்லை, எனக்கே தெரியும்.

ஏனென்றால் நேற்று மத்தியானம் அந்த 7 வந்தான். சண்டைக்கு இல்லை. "நான் அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பல மேம்" என்று சொல்லத்தான் வந்திருக்கிறான், பாவம். உட்காரச் சொல்லி, "பெரியப்பான்னு எப்படிடா போட்ட?" என்றேன். "அப்படியே வந்துச்சு மேம்." கடைசிப் பத்தியைப் பிரித்துக் காட்டினேன். "ஆமா மேம், தோள்ல தூக்கினாருல்ல, அதைப் படிச்சிட்டுதான் மேல போய் மாத்தினேன்." "அதை ஏன்டா எழுதல?" "அதெல்லாம் எழுதலாமா மேம்? தப்பா எழுதினதை எப்படிக் காட்டறது?"

அந்தப் பையனும் ரெக்கார்டு எழுதி வளர்ந்தவன்தான். முதல் வரைவு என்று அவன் இணைத்திருந்ததுகூட திரும்பவும் அழகாக எழுதிய தாள்.

அடுத்த அசைன்மென்ட்டுக்கு, எழுத வராதவர்கள் என் எதிரில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் வாயால் சொல்லலாம் என்று போர்டில் எழுதியிருக்கிறேன். அதே நாலு இடம், அதே நாலு மார்க். 7 மட்டும் 7ஆகவே இருக்கும். அவன் கேட்கவும் இல்லை.

ஸ்கிரீன்ஷாட் போட்டவருக்கு ஒன்று. பதினோரு வருஷமாகப் பக்கத்து மேசை. என் டிபன் பாக்ஸில் பாதி உங்களுடையது. என் நம்பர் உங்களிடம் இருக்கிறது. பொம்மை தேடி எடுத்து ஒட்டின நேரத்தில் ஒரு போன் பண்ணியிருக்கலாம், அந்த அம்புக்குறித் தாளை உங்களுக்கும் காட்டியிருப்பேன்.