பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டியாச்சு, சரி. பதினொரு மணிக்குத் தண்ணீர் வருதா?

"கழிப்பறை இல்லாததால்தான் பெண் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்கிறார்கள்" என்று எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். பாதி உண்மை. நேபாளத்தில் நடந்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. மாதவிடாயால் மாணவிகள் தவறவிட்டது ஆண்டுக்கு அரை நாள்கூட இல்லை என்றது. அஞ்சலி அடுகியாவின் 2017 ஆய்வோ, இந்தியப் பள்ளிகளில் கழிப்பறை வந்ததும் சேர்க்கை கூடியதைக் காட்டியது. ஆனால் வயதுக்கு வந்த பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருந்தால்தான் பலன். ஆண், பெண் இருவருக்கும் பொதுவான கழிப்பறையால் இல்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: வருகைப் பதிவேட்டை மட்டும் வைத்து இந்தப் பிரச்சினையை அளக்க முடியாது. காலையில் "உள்ளேன் ஐயா" சொன்ன பிள்ளை, மதியம் வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போகிறாள். அல்லது தண்ணீரே குடிக்காமல் நாலு மணி வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஏட்டில் இரண்டு பேருமே முழு நாள் வந்தவர்கள்.

பொதுத்துறை நிறுவனங்கள் கட்டிக்கொடுத்த பள்ளிக் கழிப்பறைகளை நேரில் போய்ப் பார்த்த தணிக்கைத் துறை (சிஏஜி) 2020-ல் அறிக்கை தந்தது. கட்டப்பட்டிருந்தவற்றில் நூற்றுக்கு 72-ல் உள்ளே குழாய்த் தண்ணீர் இல்லை. கட்டடம் இருக்கிறது, கணக்கில் ஏறியும் விட்டது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 240 மாணவிகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளி. 40 பேருக்கு ஒன்று என்ற அளவில் 6 கழிப்பறைகள். இடைவேளை 10 நிமிடம். ஒரு பிள்ளைக்கு 2 நிமிடம் என்றால், ஓர் இடைவேளையில் 30 பேர்தான் போய்வர முடியும். யூரினல் இருக்கிறதே என்பீர்கள். கதவில்லாத, இடுப்பளவு தடுப்புச் சுவர் மட்டுமே உள்ள அதை மாதவிடாய் நாளில் எந்தப் பிள்ளையும் பயன்படுத்த மாட்டாள். இதில் ஒன்று அடைத்து, இன்னொன்று "டீச்சர்களுக்கு" என்று பூட்டிவிட்டால் 20 பேர். மற்றவர்கள் மணி அடித்ததும் வகுப்புக்கு ஓட வேண்டியதுதான். இதைத் தீர்க்கப் புதுக் கட்டடமே தேவையில்லை: வகுப்பு வகுப்பாக இடைவேளையை மாற்றி விடலாம், பாட நேரத்தில் கேட்டாலும் மறுக்காமல் அனுப்பலாம்.

அடுத்தது தண்ணீர். 240 பேரும் நாளுக்கு இரண்டு முறை போனால், ஊற்றவும் கழுவவும் தடவைக்கு 5 லிட்டர் என்று வைத்தாலே 2,400 லிட்டர். மேலே இருப்பது 1,000 லிட்டர் தொட்டி. காலையில் ஒரு முறை மோட்டார் போட்டு நிரப்பினால், சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே காலி. அதற்கப்புறம் போகிறவள் ஊற்றாமல் வருகிறாள், அடுத்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுகிறாள். நாள் முழுக்க ஒழுகும் ஒரே ஒரு பிளாஸ்டிக் குழாயும் தொட்டியை இதே மாதிரி காலி செய்யும். தொட்டியைப் பெரிதாக்கப் பணம் இல்லையா? தண்ணீர் குறைந்தால் தானே ஓடி, நிரம்பினால் தானே நிற்கும் மோட்டார் கருவி போடுங்கள். அதுவும் முடியாதென்றால் சாப்பாட்டு மணிக்கு முன் இன்னொரு முறை மோட்டார் போட ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள்.

பயன்படுத்திய பேடைப் போட இடமில்லாததும் அடைப்புக்கு ஒரு காரணம். வேறு வழியில்லாமல் கோப்பையில் போட்டுவிடுகிறார்கள். அது தண்ணீரை உறிஞ்சி உப்பி, கோப்பைக்குக் கீழே வளையும் குழாயில் உட்கார்ந்துகொள்கிறது. ஊற்றும் தண்ணீர் இறங்காமல் மேலேறி வந்தால் அடைப்பு என்று தெரிந்துகொள்ளலாம். குச்சியால் குத்தினால் இன்னும் உள்ளே போகும். அந்த அறை அன்றே பூட்டப்படும், திறக்க மாதக்கணக்காகும். அரசு புதுயுகம் திட்டத்தில் மாணவிகளுக்கு நாப்கின் கொடுக்கிறது, நல்லது. பயன்படுத்தியதை எங்கே போடுவது என்பதற்கும் அதே திட்டத்தில் பதில் வேண்டும்.

சுவரில் மாட்டிய எரியூட்டியைப் பதிலாகக் காட்டுகிறார்கள். பேடில் பிளாஸ்டிக் இருக்கிறது. சூடு போதாமல் எரிந்தால் புகையும் நாற்றமும்தான் மிச்சம்; கம்பிச்சுருள் போனால் மாற்ற ஆளில்லை. ஒவ்வொரு அறைக்குள்ளும் மூடி போட்ட ஒரு வாளி, பக்கத்தில் பழைய செய்தித்தாள். சுற்றிப் போட்டதைத் தினமும் தனியாக எடுத்துப் போக ஊராட்சியோடு ஏற்பாடு. எனக்கு இதுதான் நம்பகமான வழி. வாளி வெளியே பொதுவில் இருந்தால் ஒருத்தியும் போட மாட்டாள்.

வாளியை எடுக்கவும் கழுவவும் சம்பளம் வாங்கும் ஆள் வேண்டும். மாதம் சிறு தொகை கொடுத்து ஒருவரைப் பல பள்ளிகளுக்கு அலையவிட்டால் வேலை நின்றுபோகும். கடைசியில் பிள்ளைகளைக் கழுவ வைப்பார்கள். எந்தச் சாதிப் பிள்ளைகளை என்பது நமக்குத் தெரிந்ததே. அதனால் கட்டடத்துக்கு நிதி ஒதுக்கும் ஆணையிலேயே தூய்மைப் பணியாளர் ஊதியம், பினாயில், பிரஷ் செலவு எல்லாம் ஆண்டுதோறும் வரவேண்டும்.

கண்காணிப்புக்கு "செயல்படும் கழிப்பறை எத்தனை" என்று ஆண்டுக்கொரு முறை படிவம் நிரப்புவது போதாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தாய்மார்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு நாள், சொல்லாமல், மதியம் இரண்டு மணிக்கு மேல் அவர்கள் போகட்டும். எத்தனை கதவு திறந்திருக்கிறது, எத்தனையில் உள்தாழ்ப்பாள் விழுகிறது, குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறதா, வாளி காலியா என்று நான்கையும் எழுதட்டும். அந்தத் தாளைத் தலைமையாசிரியர் அறையில் வைத்துப் பூட்டாமல், பள்ளித் தகவல் பலகையில் ஒட்டட்டும்.