அப்பா எப்படிடா இருக்கார்?

போன மாசம் திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் பள்ளிக்கூடத் தோழன் ஒருத்தனைப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். கட்டிப் பிடிச்சு, ரெண்டு டீ சொல்லிட்டு, முதல் கேள்வியே இதுதான் கேட்டேன்: "அப்பா எப்படிடா இருக்கார்? இன்னும் டிவிஎஸ் ஃபிஃப்டியிலதான் முதுநகர் போய் மீன் வாங்கறாரா?"

"அப்பா தவறிட்டார்டா. ஐப்பசி வந்தா ஒரு வருஷம்."

அப்புறம் நான் பண்ணினதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

"டேய், எனக்கு ஏன்டா சொல்லல?"ன்னு கத்தினேன். பாசத்துல வந்ததுதான். ஆனா அவன் முகத்தைப் பார்க்கணுமே. போன் தொலைஞ்சு போச்சு, உன் நம்பர் இல்ல, யாருக்குமே சரியா சொல்ல முடியலன்னு வரிசையா சமாதானம் சொல்ல ஆரம்பிச்சிட்டான். அப்பாவைப் பறிகொடுத்தவன், என்னைக் கூப்பிடாததுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிட்டு நிக்கறான்.

அதோட விட்டேனா? என்ன ஆச்சு, சுகர் இருந்துச்சா, எங்க சேர்த்தீங்கன்னு விசாரணை. பாண்டிக்குக் கொண்டு போனோம்னான். "சென்னைக்குக் கொண்டு போயிருக்கலாமேடா"ன்னேன். அவன் டீ கிளாஸை பெஞ்சு மேல வச்சுட்டான். பாதிக்கு மேல அப்படியே இருந்துச்சு. அந்தக் கேள்வியை அவன் தனக்குள்ள எத்தனை ராத்திரி கேட்டிருப்பான்னு வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைச்சது.

தெரியாம கேட்டது தப்பே இல்ல. ஊர்ல இருக்கறவனுக்குச் சுவத்துல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சொல்லிடும். வெளியூர்ல இருக்கறவனுக்கு யார் சொல்வா? வாட்ஸப் குரூப்புல வந்திருக்கும், நாப்பது குட்மார்னிங்குக்குக் கீழ புதைஞ்சிருக்கும். கெடுத்தது அந்தக் கேள்வி இல்ல, பதில் வந்த பிறகு வந்த ரெண்டு நிமிஷம்.

இதையே ஒருத்தர் அழகா செஞ்சு நான் பார்த்திருக்கேன், அதுவும் என்கிட்டயே. எங்கம்மா போன மறு வருஷம், மஞ்சக்குப்பத்துல பூ விக்கற ஒரு அக்கா, "அம்மாவை ஆளையே காணோமே தம்பி"ன்னாங்க. இறந்துட்டாங்கக்கான்னேன். கட்டிக்கிட்டிருந்த சரத்தை அப்படியே மடியில வச்சாங்க. "தெரியாம கேட்டுட்டேன் தம்பி." ஒரே ஒரு தடவைதான். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "உங்கம்மா ரெண்டு முழம் வாங்கினா மூணாவது தடவையும் அளந்து பார்ப்பாங்க. என்னை நம்பவே மாட்டாங்க"ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டேன். எப்படி, எப்போன்னு ஒண்ணும் கேக்கல. நானாத்தான் சொன்னேன், அவங்க கேட்டுக்கிட்டாங்க.

அவங்க சொன்ன வார்த்தையைக் கவனிங்க: "அளந்து பார்ப்பாங்க." நம்ம பேச்சுல இந்த "பார்ப்பாங்க", "சொல்வாரு" எல்லாம் உயிரோட இருக்கறவங்களுக்கும் பொருந்தும், போனவங்களுக்கும் பொருந்தும். "இருக்கார்"னு கேட்ட வாயால உடனே "இருந்தார்"னு மாத்தறப்ப ஒரு கதவைச் சாத்தற மாதிரி இருக்குதே, அது இதுல இல்ல. நானும் அன்னைக்கு "மழையில நனைஞ்ச சங்கரா மீனைத் தூக்கிக் காட்டி நம்மளைப் பயமுறுத்துவாரேடா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் டீயைக் குடிச்சிருப்பான்.

இன்னொண்ணு. தடுமாற்றத்துல நம்ம வாய் உடனே "அம்மா நல்லா இருக்காங்களா?"ன்னு போகும். அதுவும் குழியா இருந்துட்டா? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அடுத்தடுத்து ரெண்டு குழியிலயும் விழுந்தார். "வீட்ல இப்ப யார் யார் இருக்கீங்க?"ன்னு கேட்டா, சொல்ல வேண்டியதை அவங்களே சொல்லிடுவாங்க. வார்த்தையும் அவங்க எதைச் சொன்னாங்களோ அதையே எடுத்துக்கிட்டா போதும். அவன் "தவறிட்டார்"ங்கறப்ப நாம "இறைவனடி சேர்ந்தார்"னு போஸ்டர் பாஷை பேசினா ஒட்டாது.

ரெண்டு நாள் கழிச்சு அவனுக்குப் போன் பண்ணி, "அன்னைக்கு உளறிட்டேன்டா, அம்மாவைப் பார்க்க வரலாமா?"ன்னு கேட்டேன். கேக்காம போறது சரியில்ல. ஆறிக்கிட்டு இருக்கற வீட்டுல திடீர்னு துக்கம் கேக்கப் போனா சிலருக்குப் பிடிக்கறதில்ல. வாடான்னான்.

மாலை போட்ட படத்துக்கு மேல சின்ன சிவப்பு பல்பு. பின்கட்டுல அதே டிவிஎஸ் ஃபிஃப்டி. அம்மா காபி கொடுத்தாங்க, மீன் கதையெல்லாம் அவங்களே சொன்னாங்க. எல்லாம் ஒழுங்காப் போச்சு. எழுந்து செருப்பு மாட்டறப்ப பழக்க தோஷத்துல "போயிட்டு வரேம்மா"ன்னுட்டேன். துக்க வீட்டுல சொல்லக் கூடாத வார்த்தை. நாக்கைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

"வா, வா. அடுத்த தடவை சாப்பிடற மாதிரி வா"ன்னாங்க.