'அடுத்த கிழமை சொல்கிறோம்'

மட்டக்களப்பில் ஒரு கல்லூரியில், பிள்ளைகளுக்கு வேலை எடுத்துக் கொடுக்கும் இணைப்பாளராக இருக்கிறேன். இன்டர்வியூ எடுக்க வரும் கம்பனிகளுக்கு முன்பெல்லாம் நாலு வரிதான் எழுதுவேன். வாருங்கள், மண்டபம் தயார், பகல் சாப்பாடு எங்கள் பொறுப்பு. இப்போது அந்தக் கடிதம் ஒன்றரைப் பக்கம். எல்லாம் ஒரு கொழும்புக் கம்பனி வந்துபோன பிறகுதான்.

அன்றைக்கு 42 பேர், இரண்டு குழு. ஆளுக்கு 15 நிமிடம் என்றார்கள். 9 மணிக்குத் தொடங்கினால், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் விட்டாலும் மூன்றே காலுக்கு முடியவேண்டும். ஆனால் அந்த 15 நிமிடம் பேசுவதற்கு மட்டும். ஒரு பிள்ளை வெளியே போய், அடுத்தது உள்ளே வந்து ஃபைலைத் திறக்க, குழு புள்ளி போட்டு முடிக்க, இன்னும் 5 நிமிடம். அவர்கள் உட்கார்ந்ததே 10 மணிக்கு. கடைக்குட்டி வெளியே வர ஆறு மணி.

மண்டூர்ப் பிள்ளை ஒருத்தி மூன்று மணியிலிருந்து கதவையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குருமண்வெளித் துறையில் பாதைப் படகு ஏறித்தான் வீட்டுக்குப் போகவேண்டும். ஐந்தரைக்கு உள்ளே கூப்பிட்டு, எட்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். காலையில் வந்தவர்களுக்கு இருபது நிமிடம் கிடைத்தது. இதை எப்படி ஒரே தேர்வு என்பது?

அகரவரிசையை அன்றோடு விட்டேன். தூரத்துப் பிள்ளைகள் முதலில். ஆளுக்கு 20 நிமிடம், ஒரு குழுவுக்கு ஒரு நாளில் 16 பேர், அதற்கு மேல் வேண்டுமென்றால் இன்னொரு குழு.

பெறுபேறு விஷயம் இதைவிட மோசம். போகும்போது 11 பேரின் பெயரைக் குறித்துக்கொண்டு, "அடுத்த கிழமை சொல்கிறோம் சேர்" என்றார்கள். ஒரு கம்பனியின் முடிவுக்காக இருக்கும் பிள்ளை இன்னொன்றுக்குப் போகக்கூடாது என்பது எங்கள் விதி. மூன்றாம் கிழமை வேறொரு கம்பனி வந்தது. 11 பேரையும் நான்தான் நிறுத்தி வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: நாலு பேர். மிச்சம் ஏழு பேருக்கும் இதுவும் இல்லை, அதுவும் இல்லை. விதியைப் போட்டவன் நான், ஆகவே பாதிப் பிழை என்னுடையது.

இப்போது கடிதத்தில் இப்படி ஒரு பந்தி இருக்கிறது: "பெறுபேறு அனுப்பும் திகதியைக் குறிப்பிடவும். அன்று மாலை 5 மணிக்குள் பட்டியல் வராவிட்டால், மாணவர்கள் மற்றக் கம்பனிகளின் இன்டர்வியூவுக்குச் செல்வார்கள். தெரிவாகாதவர்களின் பெயரும் வேண்டும். காத்திருப்புப் பட்டியல் இருந்தால், அது எந்தத் திகதி வரை என்றும் எழுதவும்."

தெரிவானவர்களை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும் கம்பனிகளுக்குத்தான் அந்தக் கடைசி இரண்டு வரி. மற்றப் பிள்ளைகள் மாதக்கணக்கில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

போன முறை ஒரு மனிதவள அதிகாரி போன் எடுத்தார். "திகதி போட்டால் எங்களுக்கு நெருக்கடி சேர், அந்த வரியை எடுத்துவிடலாமா?"

"பத்து நாள் கூடவே எடுங்கள் மிஸ். ஆனால் ஒரு திகதி எழுதுங்கள்" என்றேன்.

எழுதினார். அந்தத் திகதியில், மாலை நாலரைக்குப் பட்டியல் வந்தது.