அனாதையாக ஒரு கையெழுத்துப் பக்கம்

மூன்று வாரமாகத் தண்ணி லாரிக்காரருக்குச் செக் கொடுக்க முடியவில்லை. கணக்கில் பணம் இருக்கிறது. கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்லை.

மடிப்பாக்கத்தில் எங்கள் 24 வீட்டுச் சங்கத்துக்கு நான் புதுச் செயலாளர். பேங்கில் கையெழுத்து மாற்ற, பொதுக்கூட்ட மினிட்ஸை எடுத்துக்கொண்டு வெயிலில் போனேன். மேனேஜர் அம்மா நாலு பக்கத்தைப் புரட்டிவிட்டு, ஐந்தாவதைத் தனியாகத் தூக்கிக் காட்டினார். "இது எந்தக் கூட்டத்தோடது சார்?"

இடது ஓரம் 'செயலாளர்', வலது ஓரம் 'தலைவர்', மேலே இரண்டு கிறுக்கல். அவ்வளவுதான் அந்தத் தாள். பெயர் இல்லை, தேதி இல்லை, பக்க எண் இல்லை, தீர்மானத்தின் ஒரு வரிகூட இல்லை. முன்னால் இருக்கும் நாலு பக்கத்தை உருவிவிட்டு வேறு நாலைச் செருகினால் யாருக்குத் தெரியும்? அந்த அம்மா திருப்பி அனுப்பியது நூற்றுக்கு நூறு சரி.

டைப் அடித்த புண்ணியவான் கையெழுத்துக்கு இடம் விடுகிறேன் என்று பத்து தடவை Enter தட்டியிருக்கிறார். கட்டம் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது. கடைசித் தீர்மானத்திலிருந்து கட்டம் வரை செலக்ட் செய்து, Word-இன் Paragraph-இல் Keep with next கொடுத்திருந்தால் தீர்மானமும் கூடவே போயிருக்கும். அரை நிமிட வேலை!

அடுத்த கூத்து, 'தலைவர்'. சங்கத் தலைவர் அன்று ஊரிலேயே இல்லை. கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் துணைத் தலைவர், கையெழுத்தும் அவருடையது. நியாயம்தான், நடத்தியவர்தான் போட வேண்டும். ஆனால் கீழே அச்சில் வெறும் 'தலைவர்' என்று இருந்தால்? பேங்க் தன்னிடமுள்ள தலைவரின் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுகிறது, பொருந்தவில்லை. 'கூட்டத் தலைமை' என்று போட்டு, அடியில் பெயரும் 'துணைத் தலைவர்' என்ற பதவியும் எழுத என்ன கேடு?

கம்பெனி போர்டு மினிட்ஸுக்கு இதெல்லாம் விதியாகவே இருக்கிறது. தலைமை தாங்கியவர் பக்கத்துக்குப் பக்கம் இனிஷியல் போட வேண்டும், கடைசிப் பக்கத்தில் தேதி, இடத்தோடு முழுக் கையெழுத்துப் போட வேண்டும். மினிட்ஸ் முடிந்த இடத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே காலியிடம் இருந்தால் கோடு போட்டு அடித்துவிட வேண்டும். சங்கத்தை அந்த விதி கட்டாதுதான். பார்த்துக் காப்பி அடித்தால் குறைந்தா போய்விடுவோம்?

பழைய செயலாளரிடம் சொன்னால், "கூட்டம் நடந்த தேதியையே இப்ப எழுதிடுங்க" என்கிறார். ஐயா, கூட்டத் தேதி வேறு, கையெழுத்துப் போடும் தேதி வேறு! ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு, மினிட்ஸை வாசித்து, 'இக்கூட்டத்தில் உறுதி செய்யப்பட்டது' என்று அன்றைய தேதியோடு கையெழுத்து வாங்கப்போகிறேன்.

இப்போது வாட்ஸ்அப்பில் கேட்கிறார்: "சங்க சீல் வச்சிருக்கேனே, அது போதாதா?"

அந்த சீலைக் கையெழுத்தின் மேலேயே குத்தி வைத்திருக்கிறார்.