ஸ்டென்ட் வைத்தவருக்குப் பல் பிடுங்க மாத்திரை வேண்டுமா?

"ஹார்ட்டில் ஸ்டென்ட் வைத்தவர்கள் பல் பிடுங்கும் முன் மூன்று நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டும்": மதுரைப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி.

இது தவறு. ஸ்டென்ட், பைபாஸ், பேஸ்மேக்கர் ஆகியவற்றுக்காக மட்டும் பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் தேவையில்லை. அன்றாடம் பல் துலக்கும்போதே வாய்க் கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன என்பதாலும், மாத்திரையால் கிடைக்கும் பலன் மிகக் குறைவு என்பதாலும், அமெரிக்க இதயச் சங்கம் 2007-இலேயே ஆன்டிபயாடிக் தேவைப்படுவோர் பட்டியலைச் சுருக்கிவிட்டது. செயற்கை வால்வு பொருத்தியவர்கள், கிருமித்தொற்றால் இதய உட்சவ்வில் அழற்சி முன்பு வந்தவர்கள், சிலவகைப் பிறவி இதயக் குறைபாடு உள்ளவர்கள், மாற்று இதயத்தில் வால்வு பழுதானவர்கள் ஆகியோரே அதில் எஞ்சினர்.

மேலூரில் ஒரே வீட்டில் ஸ்டென்ட் வைத்த அப்பாவும், உலோக வால்வு பொருத்திய அம்மாவும் கடைவாய்ப் பல் எடுக்கப் போவதாகக் கொள்வோம். அப்பாவுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் வேண்டாம். அம்மாவுக்கு, பென்சிலின் ஒவ்வாமை இல்லையெனில், சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் அமாக்சிசிலின் 2 கிராம், ஒரே ஒரு வேளை, மருத்துவர் சீட்டுடன். மூன்று நாள் கணக்கு இருவருக்குமே பொருந்தாது. ஈறைத் தொடாத எக்ஸ்ரேக்கு அம்மாவுக்கும் தேவையில்லை. ஆனால், ரத்தம் உறையாமலிருக்க இருவரும் சாப்பிடும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. உண்மையான ஆபத்து அப்படி நிறுத்துவதில்தான் இருக்கிறது.